ஆம்ப்ரோஸின் மெடிக்கல் சர்டிபிகேட்

தலைமை குமாஸ்தா கஸ்தூரிரங்கனுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸில் நோய் என்று ஒருநாள் லீவு கிடையாது. ஜுரம் வராமல் இல்லை. வந்த ஜுரமெல்லாம் சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் பூட்டியபின் வந்து, திங்கட்கிழமை பத்து மணிக்குள் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டது. அம்மைகூட அவருக்கு தசரா விடுமுறையில்தான் போட்டது. கண்டோன்மென்ட்டில் இருந்த அந்த சர்க்கார் ஆபீஸில் இதை நம்பாதவர் ஒருவரும் இல்லை. நம்பாதவருக்கு அவர் ஆஜர் ரிஜிஸ்தரைக் காட்டுவார்.

ஆகவே 1934 ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை டைப்பிஸ்ட் ஆம்ப்ரோஸின் மனைவி பவுலின் மெடிக்கல் சர்டிபிகேட்டோடு வந்து நின்றபோது, அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். மலேரியா. புதன் முதல் மூன்று வாரம் வேலைக்கு வராமலிருப்பது உடம்பு தேற அவசியம். கீழே டாக்டர் ஓஸ்வால்ட் என்ற பதிவுபெற்ற பிரைவேட் டாக்டரின் கையெழுத்து. மேலே ஆம்ப்ரோஸின் கையெழுத்து, கோழி கிளறியது மாதிரி.

"உங்க வீட்டுக்காரர் டைப் அடிக்கிறதுக்கும் இந்தக் கையெழுத்துக்கும் சம்பந்தமே இல்லையே அம்மா."

"நடுங்கிக்கிட்டே போட்டது சார். ஷிமோகா பக்கம் என் தங்கச்சி கல்யாணத்துக்குப் போனோம், அங்கருந்து கொண்டாந்தது. கொய்னா மாத்திரை குடுத்தா வாந்தி எடுக்கறார்."

"இதைக் கொண்டாந்து குடுத்துட்டா லீவு ஆயிடுத்துன்னு அர்த்தமில்லை. லீவு கேக்கறதுக்குத்தான் சர்டிபிகேட். குடுக்கறது துரை இஷ்டம்."

"குடுக்கலேன்னா?"

"அனுமதியில்லாம வரலேன்னு ஆகும். சர்வீஸ் அறுந்துபோகும். பென்ஷன் கணக்கு மறுபடி ஒண்ணுலேர்ந்து."

ஆம்ப்ரோஸுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். பவுலின் முக்காட்டை இழுத்துக்கொண்டு, தொம்மலூர் வரை நடக்க வேண்டியவள், கிளம்பிவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் கஸ்தூரிரங்கன் வெற்றிலை வாங்க பிளாக்பள்ளி சந்தைப் பக்கம் போனார். இன்று சிவாஜிநகர் என்கிறோமே, அதே இடம். அங்கே கசாப்புக்கடை வாசலில் நிமிர்ந்து நின்று ஈரலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தது சாட்சாத் ஆம்ப்ரோஸ். வைஷ்ணவரான கஸ்தூரிரங்கன் மூக்கைப் பொத்தியபடியே கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொண்டார்: இரண்டே கால்.

திங்கட்கிழமை அவர் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது, ஆம்ப்ரோஸே வந்து எதிரில் நின்றான். கோட்டு தோளில் தொங்கிற்று. உள்ளே ஆள் பாதிதான் இருந்தான்.

"சந்தையில நீங்க என்னைப் பார்த்ததை நானும் பார்த்தேன் சார். சந்தேகம் வேணாம்னு டூட்டிக்கே வந்துட்டேன்."

"பிட்னஸ் சர்டிபிகேட் எங்கே?"

"அது வாங்கலையே சார்."

"மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்துட்டுப் போனவன், உடம்பு தேறிடுத்துன்னு டாக்டர் எழுதிக் குடுக்காம இந்த நாற்காலியிலே உட்காரக்கூடாது. விதி."

"உடம்பு தேறலை சார். இன்னிக்கு ஜுரம் இல்ல, அவ்வளவுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் வருது."

"ஜுரத்துக்கு யாருய்யா டூட்டி போட்டுக் குடுத்தா? எனக்குத் தெரிஞ்ச ஜுரமெல்லாம் தினப்படி உழைக்கும்."

ஆம்ப்ரோஸ் தன் டைப்ரைட்டரின் உறையை இழுத்து மூடினான். அப்புறம் போய்விட்டான். கஸ்தூரிரங்கன் குறிப்பை முடித்தார்: ஆம்ப்ரோஸ் சனிக்கிழமை இரண்டே கால் மணிக்குச் சந்தையில் திடகாத்திரமாகக் காணப்பட்டார். திங்கட்கிழமை பத்தரை மணிக்குத் தாமாக நடந்தே ஆபீசுக்கு வந்தார். சர்டிபிகேட் சந்தேகத்துக்குரியது; சிவில் சர்ஜனிடம் இரண்டாவது அபிப்பிராயம் கேட்கலாம்; நோய் பொய்யென்றால் அனுமதியற்ற ஆஜரின்மையாகக் கொள்ளலாம். துரை படித்தார், கையெழுத்திட்டார். சிவில் சர்ஜன் புதன்கிழமை பதினோரு மணி கொடுத்தார்.

பைலைச் சேவகனிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம். கஸ்தூரிரங்கன் தாமே எடுத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி பெஞ்சில் ஆம்ப்ரோஸும் பவுலினும் இருந்தார்கள். அவர் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். ஆம்ப்ரோஸ் எழுந்து நிற்கப் பார்த்தான். பவுலின் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

சிவில் சர்ஜன் மேஜர் வெங்கடராமன் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். ஜுரம் இல்லை. கஸ்தூரிரங்கன் தொண்டையைச் செருமினார். மேஜர் அவர் பக்கம் திரும்பவில்லை. ஆம்ப்ரோஸைப் படுக்கச் சொல்லி, இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். ஆம்ப்ரோஸ் முகம் சுளித்தான்.

"மண்ணீரல் மூணு விரக்கடை இறங்கியிருக்கு," என்றார் மேஜர். விரல் நுனியில் குத்தி, கண்ணாடிச் சில்லில் ரத்தம் எடுத்து உள்ளே அனுப்பினார். பிறகு பைலைப் பிரித்து, கஸ்தூரிரங்கனின் குறிப்பை இரண்டு தரம் படித்தார்.

"இது யார் எழுதினது?"

"அடியேன்தான்."

"நல்லா எழுதியிருக்கீர். மணி நிமிஷத்தோட. சனிக்கிழமை பார்த்தீர். திங்கட்கிழமை பார்த்தீர். இன்னிக்கு புதன், இப்பவும் பார்க்கறீர். நடுவில ஞாயித்துக்கிழமை பார்த்தீரா? நேத்திக்குப் பார்த்தீரா?"

"இல்லை."

"அம்மா, நேத்திக்கு இவருக்கு எப்படி இருந்தது?"

"பன்னெண்டு மணிக்குக் குளிர் எடுத்தது சார்," என்றாள் பவுலின். "மூணு கம்பளி போட்டோம். கட்டில் ஆடினது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான், பூசைக்குப் போகலை. நான் சர்டிபிகேட் கொண்டாந்தேனே, அந்தப் புதன்கிழமையும்."

மேஜர் விரல்விட்டு எண்ணினார். புதன், வெள்ளி, ஞாயிறு, செவ்வாய். "இது முறைஜுரம். உம்ம ஆபீசிலே இவ்வளவு ஒழுங்கா வேலை செய்யறது இது ஒண்ணுதான் போலிருக்கு. இவருக்கு ஜுரம் இல்லாத நாளா பார்த்துப் பார்த்து நீர் தேதி போட்டிருக்கீர். நான் ஒரு கேள்விகூடக் கேக்கத் தேவையில்லாம நோய்க்கு ஜாதகமே எழுதிக் குடுத்திருக்கீர்."

உள்ளிருந்து சீட்டு வந்தது. ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தது.

"நான் சந்தேகப்பட்டது தப்பா?" என்று கஸ்தூரிரங்கன் கேட்டார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"சந்தேகப்பட உமக்கு விதி இருக்கு. அதுக்குத்தானே நான் இருக்கேன். ஆனா ஈரல் வாங்கினதைப் பார்த்து நோய் இருக்கா இல்லையான்னு தீர்ப்பு எழுத உமக்கு விதி இல்லை. சோகை பிடிச்சவனை ஈரல் சாப்பிடச் சொல்றது நாங்கதான்." அவர் எழுதினார்: நோய் உண்மை, கேட்ட மூன்று வாரம் போதாது, ஆறு வாரம் அவசியம். கொய்னாவை ஊசியாகப் போட வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

கஸ்தூரிரங்கன் ஆபீசுக்குத் திரும்பி, தம் குறிப்புக்குக் கீழே இன்னொரு குறிப்பு எழுத வேண்டியிருந்தது. வழக்கமாக ஒரே மூச்சில் எழுதுகிறவர் மூன்று காகிதம் கிழித்தார். கடைசியில் நின்றது இது: மேலே கண்ட இரண்டு நாட்களும் சரியே. நான் எடுத்த முடிவு தவறு. லீவு வழங்கலாம். துரை எதுவும் கேட்காமல் கையெழுத்திட்டது அவருக்குத் திட்டு வாங்கியதைவிடக் கனமாக இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் உத்தரவை எடுத்துக்கொண்டு தொம்மலூருக்குப் போனார். தெருமுனையிலேயே கட்டில் சத்தம் கேட்டது. வாசலில் நின்று உள்ளே பார்த்தார். கம்பளிக் குவியல் ஒன்று உதறிக்கொண்டிருந்தது. அதற்குள் பற்கள் கிடுகிடுக்கும் ஓசை. பதினோரு வருஷமாக நாலடி தூரத்தில் உட்கார்ந்து டைப் அடித்தவன் அதற்குள் இருந்தான். பவுலின் வெளியே வந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"ஆறு வாரம் சாங்ஷன் ஆயிடுத்தும்மா. சர்வீஸுக்கு ஒரு குறையும் இல்லை."

அவள் காகிதத்தை வாங்கிப் படித்தாள். எழுத்துக்கூட்டி, தேதிவரை படித்தாள். பிறகுதான் தலையசைத்தாள்.

கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. "சா...ர், பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்து..."

கையெழுத்து வாங்காமல் உத்தரவு கொடுத்த வழக்கம் கஸ்தூரிரங்கனுக்கு இல்லை. பேனாவைக்கூட எடுத்துவிட்டார். அந்தக் கை நிற்கவில்லை.

"வேணாம் ஆம்ப்ரோஸ், கையை உள்ளே வையும்," என்றார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வருவீரே, அங்கே வந்து வாங்கிக்கறேன்."

பேனாவை மூடிக்கொண்டு, வெயிலில் இறங்கினார்.