வாய்ப் பூஞ்சைக்குப் பதினோரு அறிக்கைகள்

காளான் மேடத்துக்கு மனிதர்களைப் பிடிக்காது. அதற்காக அவள் வெட்கப்பட்டதும் இல்லை. குழந்தைகள் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், பூஞ்சை லேபில், பதினெட்டு வருடமாகப் பூஞ்சைகளோடு குடித்தனம் நடத்துகிறாள். பூஞ்சை சிபாரிசோடு வருவதில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரிப் பேசுவதில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று தன் பட்டங்களை ஒவ்வொன்றாக ஒப்பிப்பதில்லை. இந்த மூன்றையும் தவறாமல் செய்கிற ஒருவர் மூன்றாம் மாடியில் இருந்தார், தோல் பிரிவின் தலைவர். எதைக் காட்டினாலும் களிம்பு எழுதிக் கொடுப்பதால் அவள் அவருக்கு வைத்த பெயர் களிம்பு. அவர் கையெழுத்தோடு வருகிற சீட்டுகளை அவள் இரண்டு விரலால்தான் எடுப்பாள்.

அன்று மாதிரி எடுக்கிற பெண் லீவு. அதனால் மேடமே முன்னறைக்கு வர வேண்டியதாயிற்று. வழக்கமாக அவளுக்குப் பஞ்சுக்குச்சிகள்தான் வரும், வாய்கள் வராது. அதுதான் அவளுக்கும் வசதி.

நாற்காலியில் ஒல்லியாக ஒரு பெண்குழந்தை. பக்கத்தில் அம்மா. சீருடைகள் தைக்கிற கடையில் வேலை செய்பவள் போலிருக்கிறது, புடவை முந்தானையில் நீல நூல் ஒட்டியிருந்தது.

"வாயைத் திற."

நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டினாற்போல வெள்ளை. உதட்டோரங்கள் வெடித்திருந்தன. நாலு விரல்களில் நகம் தடித்துப் பழுப்பேறி, மரப்பட்டை மாதிரி இருந்தது.

"எத்தனை நாளா?"

"நாலு வயசுலேர்ந்து இருக்கு மேடம். இப்ப பதினொண்ணு. மருந்து போட்டா குறையும், நிறுத்தினா வந்துடும்."

மேடம் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். ஏழு வருடமாக ஒரு குழந்தையின் வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் துப்பில்லை, இதில் மேடம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று மனசுக்குள் ஓடியது. மரியாதைக்காக அதைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னாள். "பல்லெல்லாம் தேய்க்கிறாளா?"

"மூணு வேளையும்." அம்மா இந்தக் கேள்விக்கு வருஷக்கணக்காகப் பதில் சொல்லிச் சலித்தவள் என்று குரலிலேயே தெரிந்தது. "மேல டாக்டர் இந்தத் தடவை பெரிய மாத்திரை குடுத்திருக்கார். நாலு நாளாச்சு. அன்னையிலேர்ந்து ஒரே வாந்தி. ஈரலுக்கு ஒத்துக்குதான்னு பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார்."

மேடம் குழந்தையின் மேல்கையில் ரப்பர் பட்டையை இறுகக் கட்டினாள். ரத்தம் பிடிக்கிற புட்டிகளைத் தேடினால் வைத்த இடத்தில் இல்லை. லீவு போட்டவள் எங்கே ஒளித்துவைத்தாளோ. அவளைத் திட்டிக்கொண்டே நாலு அலமாரிகளைத் திறந்து மூடினாள். மூன்று நிமிடமாவது ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது குழந்தையின் மணிக்கட்டு மடங்கி, விரல்கள் நேராகக் குவிந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் அமுங்கியிருந்தது. பிரிக்கப் பார்த்தாலும் பிரியவில்லை.

"வலிக்குது," என்றாள் குழந்தை. புகாராகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னாள்.

மேடம் பட்டையை அவிழ்த்தாள். "இது இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"அடிக்கடி வரும் மேடம். ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கிறான்னு டாக்டர் சொன்னார்."

இந்த மாதிரிக் கையை யாராலும் நடிக்க முடியாது. ரத்தத்தில் கால்சியம் அடிமட்டத்துக்குப் போனவர்களுக்குத்தான் இப்படி மடங்கும். மேடம் முதல் தடவையாகக் குழந்தையை முழுசாகப் பார்த்தாள். ஈறுகள் கறுத்திருந்தன. உள்ளங்கை ரேகைகள் பேனாவால் வரைந்தது போலக் கறுப்பு.

"உப்பு நிறைய கேட்பாளா?"

அம்மா திகைத்தாள். "உப்பு ஜாடியை ஒளிச்சுவைக்கிறேன். கண்டுபிடிச்சு அள்ளித் தின்னுடறா. எழுந்து நின்னா தலை சுத்துதுங்கறா."

மேடம் மூன்றாம் மாடிக்குப் போன் போட்டாள். "நீங்க அனுப்பின வாய்ப் பூஞ்சைப் பொண்ணுக்கு அந்த மாத்திரையை நிறுத்தணும். உடனே."

"எந்த மாத்திரையை?" என்றார் களிம்பு. பின்னணியில் தேநீர்க் கோப்பைச் சத்தம். "அந்தப் பொண்ணா? எதிர்ப்பு சக்தி எல்லாம் பார்த்தாச்சு. வெள்ளையணு நார்மல். ஆன்டிபாடி நார்மல். ஒரு குறையும் இல்ல. வீட்ல சுத்தம் போதாது, அவ்வளவுதான்."

எதிர்ப்பு சக்தி என்பதை ஒரே மூட்டையாகக் கட்டி, எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சீல் வைப்பவர்களைக் கண்டால் மேடத்துக்கு அடிவயிற்றிலிருந்து எரியும். கேண்டிடா எல்லோர் வாயிலும் இருக்கிற சாதாரணப் பூஞ்சை. அதை ரத்தத்துக்குள் நுழைய விடாமல் காப்பவை வெள்ளையணுக்களில் ஒரு வகை. புற்றுநோய் மருந்தால் அவை குறைந்தவர்களுக்குப் பூஞ்சை ரத்தத்தில் ஏறி ஆளையே கொல்லும். ஆனால் வாயிலும் தோலிலும் அதை அடக்கிவைப்பது வேறு ஏற்பாடு. டி அணுக்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களில் ஒரு பிரிவு பூஞ்சையைக் கண்டதும் பதினேழாம் எண் இன்டர்லூகின் என்ற தூதை அனுப்பும். தூது கிடைத்ததும் வாயின் மேல்படல அணுக்களே பூஞ்சையைக் கொல்லும் புரதங்களைச் சுரந்து, வெள்ளையணுக்களையும் கூப்பிடும். தூது போய்ச் சேராவிட்டால் வாய், நகம், தோல் மூன்றிலும் பூஞ்சை பட்டா போட்டுக்கொண்டு உட்காரும், ரத்தத்துக்குள் மட்டும் போகாது. ஏழு வருஷமாக வாயில் பூஞ்சை, ஒரு தடவைகூட ரத்தத்தில் இல்லை என்பதே விடையைச் சொல்லியிருக்க வேண்டும். எந்த எண்ணிக்கையும் அதைச் சொல்லாது. ஆட்கள் எல்லாரும் ஆஜர், கடிதம்தான் போகவில்லை.

இந்தக் குழந்தைக்குக் கடிதத்தைக் கிழிப்பது அவள் உடம்பேதான் என்று மேடத்துக்குப் பட்டது. சொந்த உடம்பைத் தாக்கக் கூடாது என்று டி அணுக்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மரபணு பழுதானால், தூதுப் புரதத்துக்கு எதிராகவே ஆன்டிபாடி உண்டாகும். அதே கோணல் புத்தி கழுத்திலுள்ள கால்சியம் சுரப்பியைத் தின்னும். பிறகு சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினலைத் தின்னும். ஈறு கறுப்பதும் உப்புக்கு ஏங்குவதும் அதனால்தான்.

"டாக்டர், கேளுங்க. அந்த மாத்திரை பூஞ்சையை மட்டும் அடக்காது. அட்ரினல் ஹார்மோன் தயாராகறதையும் தடுக்கும். இவளுக்கு அந்தச் சுரப்பி ஏற்கெனவே சாகக் கிடக்கு. மிச்சம் இருக்கற கொஞ்சத்தையும் நீங்க நெரிக்கிறீங்க."

"நீங்க தட்டுல முளைக்கிறதைப் பாருங்க மேடம். பேஷன்டை நான் பார்த்துக்கறேன்." போன் வைக்கப்பட்டது.

அரைக்குடம் தளும்பும் என்பார்கள். இது காலிக்குடம். மேடம் சக்கர நாற்காலியைத் தானே இழுத்து வந்தாள். குழந்தையை உட்காரவைக்கும்போதே அவள் துவண்டாள். இரண்டாம் மாடியில் சுரப்பி நோய் டாக்டர் இருந்தாள், சின்ன வயசு, இன்னும் கேட்கிற காது இருந்தது. ரத்த அழுத்தம் பார்த்தாள், முகம் மாறியது. ஹார்மோன் சோதனைக்கு ரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல் அட்ரினல் ஹார்மோனுக்குப் பதிலான ஸ்டீராய்டு ஊசி போட்டாள். உப்புநீரும் சர்க்கரையும் ஏறின. கால்சியமும் ஏறியது.

"இன்னும் ஒரு நாள் அந்த மாத்திரை போட்டிருந்தா?" என்று அம்மா கேட்டாள்.

சின்ன டாக்டர் மாத்திரை அட்டையை வாங்கித் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டினாள். அம்மாவுக்கு அதுவே போதுமான பதிலாக இருந்தது.

சாயங்காலம் குழந்தை கண்ணைத் திறந்து பசிக்கிறது என்றாள். மேடம் கீழே இறங்கி வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, களிம்பைக் கூட்டத்தில் எப்படித் தோலுரிக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள். அந்த யோசனை அவளுக்கு நன்றாகவே இனித்தது.

நாலு வாரம் கழித்து மாதாந்திரக் கூட்டம். வெளியூர் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்திருந்தது. தூதுப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி ஏராளம், மரபணுவிலும் பழுது. மேடம் எழுந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். நடிக்கிறாள் என்று சொன்னதைச் சொன்னாள். சுத்தம் போதாது என்று சொன்னதைச் சொன்னாள். இருபது டாக்டர்கள் களிம்பைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உட்கார்ந்தாள், வாழ்நாளில் அவ்வளவு திருப்தியாக அவள் உட்கார்ந்ததில்லை.

களிம்பு எழுந்தார். அவர் பட்டங்களைச் சொல்லவில்லை. கையில் ஒரு கோப்பு இருந்தது.

"தப்பு பண்ணிட்டேன்," என்றார். "மாத்திரை விஷயத்துல மன்னிப்பே கிடையாது. ஆனா ஒண்ணு கேட்கணும். ஏழு வருஷத்துல பதினோரு தடவை இந்தப் பொண்ணு வாயிலேர்ந்து லேபுக்கு அனுப்பியிருக்கேன். பதினோரு தடவையும் வந்த அறிக்கை இது." ஒன்றை எடுத்துப் படித்தார். "கேண்டிடா. வாயில் இயல்பாக இருப்பது. பொருட்படுத்த வேண்டியதில்லை." அடுத்ததை எடுத்தார், அதே வாக்கியம். "கையெழுத்து மேடத்தோடது. பொருட்படுத்த வேண்டாம்னு எழுதினாங்க. நானும் பொருட்படுத்தலை."

லேபில் ஒவ்வொரு மாதிரிக்கும் அன்றன்றைக்குப் புது எண். யாருடைய வாய், எத்தனையாவது தடவை என்று யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அந்த முறையைக் கொண்டுவந்தவளே அவள்தான், பெயரைப் பார்த்தால் பாரபட்சம் வரும் என்று. வாயில் கேண்டிடா இருப்பது இயல்பு என்ற வாக்கியம் ஒரு தடவைக்கு முழு உண்மை. பதினோரு தடவை சேர்ந்தால் அது ஒரு குழந்தையைச் சாகவிடுகிற பொய். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா சொன்னதில்லை. பதினெட்டு வருடம் ஊரையெல்லாம் பழித்துச் சேர்த்த ஏளனம் மொத்தமும் இப்போது ஒரே ஆளைத் தேடி வந்தது. அந்த ஆள் அதற்குத் தகுதியானவள்தான் என்றும் அவளுக்குத் தெரிந்தது.

அன்றே அம்மாவும் குழந்தையும் மறுபரிசோதனைக்காக இரண்டாம் மாடியில் காத்திருந்தார்கள். குழந்தையின் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. நகங்கள் இன்னும் அப்படியேதான் இருந்தன. அவை வெகுநாள் எடுக்கும், வாயிலும் பூஞ்சை திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும் என்று மேடம் ஒளிக்காமல் சொன்னாள். வேறு மருந்தை, சுரப்பிக்கான மாத்திரைகளோடு, பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றாள்.

"இது அசுத்தத்தால வந்தது இல்ல. யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல," என்றாள்.

"அதை எழுதிக் குடுப்பீங்களா மேடம்? வீட்ல நாத்தனார் இவளுக்குத் தனித் தட்டு வெச்சிருக்காங்க. இவளைத் தொட்டா கை கழுவறாங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

மேடம் லேபின் தாளிலேயே எழுதினாள், தெளிவாக, பெரிய எழுத்தில். கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினாள். அம்மா வரிவரியாகப் படித்தாள். கையெழுத்துக்கு வந்ததும் நின்றாள். பையிலிருந்து ஒரு பழைய அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இதே கையெழுத்துதான்."

"ஆமா. நான்தான்."

அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று மேடத்துக்குத் தோன்றியது.

"இந்தத் தாளையும் நாத்தனார் பார்த்திருக்காங்க. பொருட்படுத்த வேண்டியதில்லைன்னு டாக்டரே எழுதிட்டாங்க, உன் வளர்ப்புதான் சரியில்லைன்னு இதைக் காட்டித்தான் சொன்னாங்க." அவள் புதுத் தாளை மேஜைமேல் திருப்பி வைத்தாள். "அதே கையெழுத்துல இப்ப இதைக் கொண்டுபோனா எப்படி நம்புவாங்க?"



"நான் வீட்டுக்கு வர்றேன்," என்றாள் மேடம். "நானே வந்து சொல்றேன்."

"சொன்னா போதாது," என்றாள் அம்மா. "இவ தட்டுல சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடறேன்."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குழந்தையைக் கைபிடித்து எழுப்பினாள்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்ல இருப்பாங்க. அப்ப வாங்க."