சிவப்புப் பட்டை

வேலப்பன் மாப்பிள்ளையை அடித்த அடியில் மருந்துக் கவுண்டரின் கண்ணாடி உடைந்தது. உள்ளே நின்றிருந்த கேத்தரினின் காலடியில் சில்லு தெறித்தது. அட்டுவம்பட்டிக்குப் போகும் மலைப்பாதையில் இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் இத்தனை வருடம் மருந்து கொடுத்தவள் இப்படி ஒரு பேயாட்டத்தைப் பார்த்ததில்லை.

பூம்பாறையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியிருந்தார்கள். வேலப்பனின் தாய் ராக்காயி சர்க்கரை நோயாளி. வியர்த்துக்கொட்டி, பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவளை டாக்டர் ஜெபக்குமார் உள்ளே தூக்கிப் போயிருந்தார். அவளுக்கு மூலிகை மாத்திரை என்று சந்தையில் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தவன் பாண்டி, வேலப்பனின் தங்கை புருஷன். பூண்டு வயலில் தங்கைக்குப் பங்கு கேட்டு ஆறு மாதமாகச் சண்டை. அது போதாதா? மாத்திரையைத் திறந்து களைக்கொல்லியை அடைத்துவிட்டான் என்று வேலப்பன் முடிவே கட்டிவிட்டான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

பாண்டியின் முடியைப் பிடித்து இழுத்து வந்து, முகத்தைக் கவுண்டரில் மோதினான். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. இடுப்பிலிருந்து அரிவாளை உருவினான். தடுக்கப்போன வாட்ச்மேனின் கையில் அது கீறிவிட்டது. பிறகு பொட்டலத்தைக் கொட்டி, அரிவாளைப் பாண்டியின் கழுத்தில் வைத்தான்.

"இது என்னன்னு சொல்லுங்க. மருந்துன்னா இவன் பொழச்சான். இல்லன்னா இங்கனயே முடிச்சிருவேன்."

வெள்ளைக் கேப்சூல்கள். எழுத்து இல்லை, எண் இல்லை, கம்பெனி அடையாளம் இல்லை. இரண்டு பாதியும் சேரும் இடத்தில் சுற்றிலும் ஒரு சிவப்புப் பட்டை, அவ்வளவுதான். காலிக் கூடுகளை யாரும் மூட்டையாக வாங்கி எதையும் அடைக்கலாம். சிவப்புப் பட்டை போட்டது அவள் அலமாரியிலேயே இருந்தது. வயிற்று எரிச்சலுக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று. அட்டையைக் கிழித்துக் கலந்துவிட்டால் அவளுக்கே பிரித்தெடுக்கத் தெரியாது.

சத்து மாத்திரை என்று ஒரு பொய் சொன்னால் கழுத்து தப்பும். ஆனால் உள்ளே டாக்டர் அதை நம்பி வைத்தியம் பார்த்தால் கிழவி போய்விடுவாள். கேத்தரின் கவுண்டர் விளக்கைப் போட்டாள்.

"உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. பாத்துச் சொல்ல யாராலயும் முடியாது, லேப்புலதான் தெரியும். ஆனா இந்தப் பட்டைய பாருங்க."

ஒரு கேப்சூலை எடுத்துத் திருகி இழுத்தாள். பட்டை பிய்ந்து கிழிந்தது. பழுப்புத் தூள் கொட்டியது. மறுபடி மூடிக் காட்டினாள். கிழிசல் அப்படியே தெரிந்தது. பட்டை என்பது இரண்டு பாதியையும் ஒட்ட மூட்டில் போடும் பசை. வீட்டில் எவன் திறந்தாலும் இப்படித்தான் ஆகும் என்றாள். மற்றதையெல்லாம் விளக்கின் கீழ் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினாள். ஒன்றிலும் கீறல் இல்லை.

"இவரு தொறக்கலைங்க. அதை மட்டும் சொல்ல முடியும்."

அரிவாள் இறங்கியது. அவள் மூச்சு விட்டாள். அந்த ஒரு மூச்சில்தான் கெட்டது. நிரபராதி என்று ஆன சந்தோஷமா, பட்ட அடியின் ரோஷமா, பாண்டி கையை வீசிக் கேப்சூல்களை அள்ளினான்.

"கம்பெனி சீல் அப்படியே இருக்கு மச்சான். விசம்னா நான் சாவுறேன், பாரு."

ரத்தத்தோடு சேர்த்து விழுங்கினான். கேத்தரின் கவுண்டரைத் தாண்டிக் குதித்து அவன் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தாள். அவன் அவளைத் தள்ளினான். கண்ணாடிச் சில்லில் அவள் உள்ளங்கை கிழிந்தது. வாய் காலியாக இருந்தது.

டாக்டர் கதவைத் திறந்தார். ராக்காயிக்குச் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்ததாம். குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்துவிட்டாளாம். மூலிகையில் சர்க்கரையைக் குறைக்கும் இங்கிலீஷ் மருந்தைக் கலந்திருப்பார்கள் என்று சந்தேகம், அதுவும் சந்தேகம்தான் என்றார். எத்தனை சாப்பிட்டாள் என்று கேட்டார்.

கேத்தரின் பாண்டியைக் காட்டினாள். இவர் எத்தனை சாப்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது என்றாள்.

கிழவியின் பக்கத்துக் கட்டிலிலேயே அவனைப் படுக்கவைத்து, சர்க்கரை பார்க்க விரலில் ஊசி குத்தினார்கள். உடனே ஒன்றும் தெரியாது, சர்க்கரை எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம், விடிய விடியப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பொழுது சாய்ந்து பனி இறங்கியது. எல்லோரும் சால்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தபோது பாண்டியின் நெற்றியில் மட்டும் வியர்வை அரும்பியது. கண் செருகியது.

நர்ஸ் குளுக்கோஸ் எடுக்க ஓடினாள். வேலப்பன் பாய்ந்து அவன் கன்னத்தில் அறைந்தான். மறுபடி அறைந்தான். யாரும் தடுக்கவில்லை.

"ஏலே மாப்ள, தூங்காதலே. வயலு பூராவும் நீயே எடுத்துக்க. தூங்காத."

கேத்தரின் ரத்தம் ஊறிய கட்டுக் கையால் பாண்டியின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். வேலப்பன் அழுதுகொண்டே அடித்தான்.