சரோஜம்மாளின் சாவிக்கொத்து

தங்கை வெள்ளையம்மா கிணற்றில் மிதக்கிறாள் என்று ஆள் வந்து சொன்னபோது, சென்னம்மாள் தொரப்பள்ளியில் தன் வீட்டு வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். தங்கையைக் கொடுத்த ஊர் பாகலூருக்கு அந்தப் பக்கம், மைசூர் எல்லையை ஒட்டி இருந்தது. அவ்வளவு தூரமும் அவள் வாயில் ஒரே புலம்பல்தான். "பாழாப்போன வலிப்பே, தண்ணி சேந்தப் போன எடத்துலயா நீ வரணும்!"

ஆள் வலிப்பு என்று சொல்லவே இல்லை. தவறி விழுந்துவிட்டாள் என்றுதான் சொன்னான். மீதியைச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை, அது இரண்டு மாதமாகவே அவள் மனசில் இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பாகலூர் சந்தையில், தங்கையின் பக்கத்து வீட்டுக்காரி சரோஜம்மாள் அவளைப் புளி மூட்டைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"உன் தங்கச்சி ஊட்டுக்காரன் முனிவேலு வந்து எங்கிட்ட சாவிக்கொத்து கேட்டான். இரும்புச் சாவியா இருக்கணும்னான். என்னாத்துக்குடான்னா தலையக் குனிஞ்சிக்கினான். 'ஊட்டுல இருந்தா நல்லதுங்கக்கா, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னான். கண்ணு கலங்கிப்போச்சி. அய்யோ தேவரே, இரும்பு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

சரோஜம்மாள் இளகிய மனசுக்காரி. குலதெய்வத்தின் விபூதியைச் சாவிகளோடு வைத்து மஞ்சள் துணியில் பொதிந்து, மூன்று முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் அரைத்த சந்தனத்தையும் அப்பிக் கொடுத்திருந்தாள். வலிப்பு வரும்போது அவிழ்த்துச் சாவியைக் கையில் திணி என்று சொல்லி அனுப்பினாளாம். யாரிடமும் சொல்லாதே என்றவனின் பேச்சைக் காப்பாற்றி, ஊரில் பத்துப் பேரிடம் மட்டும் சொன்னாள், மகராசி.

சென்னம்மாள் அன்றைக்கே போய் முனிவேலைப் பிடித்துக் கேட்டாள். உழுதுகொண்டிருந்தவன் கலப்பையை நிறுத்தினான். முகம் வெளுத்துவிட்டது.

"வலிப்பா? யாருங்கக்கா சொன்னது? அதெல்லாம் ஒண்ணுமில்ல. அவ நல்லாத்தான் இருக்கா." கொஞ்ச தூரம் உழுதவன் மாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தான். "நீங்க அவகிட்டக் கேட்டுராதீங்கக்கா. அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்கறதில்ல… இல்ல, ஒண்ணுமில்ல. விடுங்க."

பெண்டாட்டியின் குறையை வெளியே விடாமல் இப்படி மூடி வைக்கிறானே, இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு ஆம்பிளையா என்று சென்னம்மாள் வழியெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டே வீடு திரும்பினாள்.

அடுத்த மாதம் வெள்ளையம்மாவே தொரப்பள்ளிக்கு வந்தாள். இரண்டு மணிக்கட்டிலும் நீலம் பாய்ந்திருந்தது.

"அக்கா, நான் அங்க இருக்கமாட்டேன். கைய முறுக்கறாருக்கா. கழுத்தப் புடிக்கறாரு. அந்த மைசூர்க்காரி வூட்டுக்குப் போறது எனக்குத் தெரிஞ்சதுலேர்ந்து இப்படித்தான்."

சென்னம்மாள் அந்த நீலத்தைத் தடவிப் பார்த்தாள். துடிக்கிற கையை அழுத்திப் பிடித்தால் இப்படித்தானே கன்றும் என்று நினைத்தாள்.

"வெள்ளே, உனக்கு வலிப்பு வருதாமே?"

"எனக்கா? எனக்கு ஏதுக்கா வலிப்பு? யாரு சொன்னா?"

ஞாபகம் இருக்காது என்று அவன் சொன்னது சரிதான், பாவம், இவளுக்கே தெரியவில்லை. தங்கை எவ்வளவுக்கு இல்லை இல்லை என்றாளோ அவ்வளவுக்கு அக்காவுக்கு நோய் உறுதியாயிற்று. வெள்ளையம்மா அழுது அழுது கடைசியில் கைகால் நடுங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். சென்னம்மாள் அதையும் பார்த்தாள். மறுநாள் தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து, தானே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள். "உன்னத் தாங்கற புருசன் மேல பழி போடாத கண்ணு," என்று புத்தி வேறு சொன்னாள்.

இப்போது கிணற்றடியில் வெள்ளையம்மாவைக் கோரைப்பாயில் கிடத்தியிருந்தார்கள். மணியக்காரர் நாராயணப்பன் சொல்லி அனுப்பி, ஸ்டேஷனிலிருந்து ஏட்டு சைக்கிளில் வந்திருந்தார். பஞ்சாயத்தார் ஐந்து பேர் வேப்பமரத்தடியில் நின்றார்கள். பிணத்தின் கழுத்தோரம் ஒரு கறுப்புத் தடம். ஏட்டு அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போது முனிவேல்தான் முன்னால் வந்தான்.

"அய்யா, ஓசூரு ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போயிடலாங்க. அறுத்தே பாத்துடட்டும். நாளைக்கு யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது பாருங்க." குரல் உடைந்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குற்றம் செய்தவன் அறுக்கச் சொல்வானா? "கெணத்துச் சுவத்துக் கல்லு பட்ட தடங்க அது," என்றார் ஒருவர். "சாவிக்கொத்து வாங்கி வெச்சிருந்தான் பாவம்," என்றார் இன்னொருவர். யாரும் முனிவேலிடம் எதையும் கேட்கவில்லை.

அறுப்பது என்ற சொல் காதில் விழுந்ததும் சென்னம்மாள் ஓடிப்போய் ஏட்டின் காலில் விழுந்தாள். "வேணாஞ் சாமி, எம்புள்ளய அறுக்காதீங்க!"

"நீ பொறந்த வூட்டு மனுஷி. நீ சொன்னாத்தான் செல்லும். அவளுக்கு வலிப்பு உண்டா? கண்ணால பாத்தியா?"

கை நடுங்கியது, பல்லைக் கடித்தது, சுவரோடு சாய்ந்தது எல்லாம் அவள் கண்முன் வந்தன.

"பாத்தேஞ் சாமி. எங்க வூட்டுலயே வந்துச்சி."

ஏட்டு எழுதினார். அவள் கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தாள். சந்தேகம் இல்லை என்று பஞ்சாயத்தாரும் ஒப்பமிட்டார்கள்.

"இந்த நோவுல போனவளப் பொதைக்கலாமுங்களா?" என்று முனிவேல் மெல்லக் கேட்டான். கேட்டதோடு சரி. பொதைக்கவே கூடாது, எரித்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவர்களாகவே சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் எரித்தாயிற்று.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து எல்லோரும் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். முனிவேல் உள்ளே போய் மஞ்சள் பொட்டலத்தை எடுத்து வந்து, இரண்டு கையாலும் சரோஜம்மாளிடம் நீட்டினான்.

"உங்க பொருளுங்கக்கா. இனிமே இது எனக்கு எதுக்கு?"

சரோஜம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொட்டலத்தை மடியில் வைத்து முடிச்சைப் பிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள்.

சென்னம்மாள் அந்த நகத்தையே பார்த்தாள்.

"சரோஜக்கா, இது நீ போட்ட முடிச்சா?"

"ஆமா, எம் முடிச்சிதான்."

"ஒரு தடவகூட அவுக்கவே இல்லியே!"

"அட, ஆமா…"

"நீ பாத்தியாக்கா? அவளுக்கு வலிப்பு வந்து உங்கண்ணால பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன்? நீதான பாத்தேன்னு ஏட்டுகிட்ட சொன்ன?"

சென்னம்மாள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். ஒருத்தராவது பார்த்ததுண்டா? மணியக்காரர் சரோஜம்மாளைப் பார்த்தார், சரோஜம்மாள் இவளைப் பார்த்தாள். கழுத்தப் புடிக்கறாருக்கா என்று தங்கை சொன்னாளே! சொன்னவளுக்குப் பூ வைத்துக் கொண்டுவந்து விட்டது இந்தக் கைதானே. மைக்கறை இன்னும் போகாத கட்டைவிரல் கண்ணில் பட்டது.

"கொன்னுட்டான்! அவ சொன்னா, நான் நம்பல! பாவி, கொன்னுட்டான்!" என்று மார்பில் அறைந்துகொண்டு அலறினாள். பேச்சு குழறியது. உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடியது. கால் நிற்காமல் தரையில் சரிந்தாள்.

முனிவேல் கோபப்படவில்லை. கண் கலங்க, சரோஜம்மாள் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அக்கா, அந்தச் சாவிக்கொத்தச் சீக்கிரம் அவுத்துடுங்க."

"அய்யோ தேவரே, இவளுக்குமா!" என்று சரோஜம்மாள் பல்லால் துணியைக் கிழித்தாள். இரண்டு பேர் சென்னம்மாளின் மணிக்கட்டுகளை இறுக்கிப் பிடித்தார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல, விடுங்க!" என்று அவள் கத்தக் கத்த, சரோஜம்மாள் அழுதுகொண்டே அவள் விரல்களைப் பிரித்து அந்தச் சாவிகளைத் திணித்தாள்.