சொந்த முதல் இருபது லட்சம்

பேங்க் மேனேஜர் ரூமுக்கு வெளிய உட்கார்ந்திருந்த கவிநிலாவுக்கு ஏசியிலயும் உள்ளங்கை வேர்த்துச்சு. பின்ன வேர்க்காதா? அண்ணன் மாறன் அடி அண்ணாமலையில கிரிவலப் பாதை ஓரமா லாட்ஜ் கட்டறான். அதுக்கு நாப்பது லட்சம் லோன், ஈடு இவ வீடு. புருஷன் போனப்புறம் இவளுக்கும் பொண்ணுக்கும் மிஞ்சினது அது ஒண்ணுதான்.

"ஒரு கையெழுத்துதாம்மா. பௌர்ணமியானா ரூம் கெடைக்காம ஜனம் ரோட்டுல படுக்குது. ஓடாம எங்க போவும்?"னான் மாறன்.

ஓடும், யாரு இல்லன்னா? ஆனா ஆடிட்டர் ஆபீசுல வேலை பாக்கறவ கண்ணு கணக்கைப் பார்த்தா சும்மா இருக்குமா? பைலை வாங்கிப் பிரிச்சா. லாட்ஜ் திறக்கற அன்னிக்கான பேலன்ஸ் ஷீட் பளிச்சுனு டேலி ஆச்சு. ஒரு பக்கம் கட்டடம் அறுபது லட்சம். மறுபக்கம் சொந்த முதல் இருபது, பேங்க் கடன் நாப்பது. அடுத்த தாள்ல முதல் வருஷ லாப நட்டக் கணக்கு. அதுல வட்டி பத்து லட்சம்னு இருந்துச்சு.

பத்தா? மறுபடி பார்த்தா. பேங்க் வட்டி வருஷத்துக்கு பத்து சதவீதம், நாப்பதுக்கு நாலு லட்சம்தான் ஆவும். மிச்ச ஆறு லட்சம் எவனுக்கு? கடன் பக்கம் வேற பேரே இல்லியே.

அப்பதான் அவளுக்கு உறைச்சுது. போன மாசம் புள்ள ஸ்கூல் பீஸுக்கு இவகிட்ட கை நீட்டினவனுக்கு ஏது சொந்தமா இருபது லட்சம்? இருபதுக்கு ஆறுன்னா, நூத்துக்கு மாசம் ரெண்டரை வட்டி. லாட்ஜ் தாங்குமான்னு தனக்காகப் போட்டுப் பார்த்த நெஜ வட்டியை மாத்த மறந்து அப்படியே பிரிண்ட் எடுத்துட்டான், பாவி!

"அண்ணா, இது உன் முதல் இல்ல. பைனான்ஸ்காரன் காசு."

மாறன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. "மெதுவா பேசும்மா. லோன் வந்தா அடைச்சிடுவேன்."

"லோன் கட்டடத்துக்குடா! என்னத்த ஈடு வெச்ச?"

"ஈடெல்லாம் இல்ல. புரோநோட்டுதான். ரெண்டு பேர் கையெழுத்து கேட்டான்."

"ரெண்டாவது யாரு?"

அவன் கண்ணு பைல்ல இவ பேர் இருந்த இடத்துக்குப் போச்சு. கவிநிலாவுக்குப் புரிஞ்சுபோச்சு. அய்யோ, பைனான்ஸ்காரன் கேஸ் போட்டு வீட்டைப் பிடுங்கினா பொண்ணைக் கூட்டிட்டு எங்க போவேன்னு மனசு பதறுச்சு.

"நான் போடாத கையெழுத்தை நீ போட்டியா?"

"மன்னிச்சிடும்மா. வெளிய தெரிஞ்சா நான் ஜெயிலுக்குப் போவணும்."

கதவு திறந்துச்சு. "கவிநிலா யாருங்க? மேனேஜர் கூப்புடறார்."

"வா, நீயே சொல்லிடு"னு அண்ணன் கையைப் பிடிச்சு இழுத்தா. அவன் எழுந்திரிக்கல. அவன் கையை விட்டுட்டு, பைலை எடுத்துக்கிட்டு அவ மட்டும் உள்ள போனா.