அறிமுகத்தில் விடுபட்டவர்

குபீரென்று தீ எழுந்தது. ஏரிக்கரையில் மீன் வெந்துகொண்டிருந்த கொப்பரைக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்குச் சிவப்பாக நாக்கை நீட்டியது. பெண் வீட்டார் நாற்காலிகளைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். மணப்பெண்ணின் அத்தை டோலரஸ் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடவே தயாராகிவிட்டாள்.

"உக்காருங்க, உக்காருங்க. அப்படித்தான் பொங்கி வழியணும்," என்று மாப்பிள்ளையின் சித்தப்பா ஆர்வின் கைகாட்டினான். "மீன் கொழுப்பெல்லாம் நுரையோட வெளியே போயிடும். இல்லேன்னா நாளைக்குக் கல்யாணத்துல எல்லாரும் வயித்தைப் பிடிச்சிட்டு நிப்போம்."

"சொல்லிட்டு மண்ணெண்ணெய் ஊத்தக் கூடாதா தம்பி?" என்றாள் டோலரஸ். "எங்க ஊர்ப் பக்கம் கொட்டகை எரிஞ்சாத்தான் இப்படி இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். கொப்பரையின் விளிம்பிலிருந்து வெந்நீர் வழிந்து நெருப்பில் விழுந்து சீறியது. மீன் வேகவைக்கும் பொறுப்பிலிருந்த தோர்வால்டும் இன்னொருவனும் நீளமான கம்பை மாட்டி, மீனும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் நிறைந்த கம்பிக்கூடையைத் தூக்கிக்கொண்டு மேசைப் பக்கம் வந்தார்கள். கொப்பரைக்கருகில் இப்போது யாருமில்லை. ஆர்வின் அந்தப் பக்கம் பார்க்காமல் வெண்ணெய்க் கிண்ணங்களை எடுத்து வைத்தான்.

அமெரிக்காவில், இந்த விஸ்கான்சினில் எல்லா ஊரிலும் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் தேவாலயத்தில் ஒத்திகை நடக்கும். யார் எந்தப் பக்கம் நடப்பது, யார் எங்கே நிற்பது என்று பாதிரியார் எல்லோரையும் ஒருமுறை நடக்கவைப்பார். அது முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் விருந்து வைப்பார்கள். மறுநாள் பந்தலும் பாட்டும் பெண் வீட்டார் பொறுப்பு. இந்த ஒரு சாயங்காலம் மட்டும் மாப்பிள்ளை வீட்டுடையது. அதில் மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து, பெண் வீட்டாரைப் பெயர் பெயராக வரவேற்று, தன் பக்கத்து ஆட்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்து, கோப்பையை உயர்த்த வேண்டும். பிறகு பெண்ணின் தகப்பனார் எழுந்து பதில் சொல்வார்.

மாப்பிள்ளை ஆண்டர்ஸுக்குத் தகப்பனார் இல்லை. அவன் அப்பா நெல்ஸ் ஏரியில் வலை எடுக்கப் போனவன், ஓர் இலையுதிர்காலப் புயலில். படகு வந்து சேர்ந்தது. அவன் சேரவில்லை. ஏரி அவனை இன்றுவரை திருப்பித் தரவுமில்லை.

ஆகவே நெல்ஸின் தம்பி ஆர்வின்தான் பேச வேண்டும்.

பேசுவதற்கு அவன் பயந்தவனல்ல. எந்த விருந்திலும் அவனுடைய கதைகளுக்குத்தான் கூட்டம். சின்ன மீனைப் பெரிய மீனாக்கிச் சொல்வான். அவன் சொல்லச் சொல்ல, நெல்ஸ் நெருப்பருகே நின்றுகொண்டு, தொப்பியைக் கழற்றித் தொடையில் இரண்டு தட்டுத் தட்டி, சிரித்தபடி மெல்லத் தலையை இடவலமாக ஆட்டுவான். 'புளுகுறான், நம்பாதீங்க' என்று அதற்கு அர்த்தம். கூட்டம் அப்போதுதான் இன்னும் பலமாகச் சிரிக்கும்.

இன்று ஆர்வினின் தொல்லை வேறு. தேவாலயப் படியில் ஆண்டர்ஸ் அவன் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தான்.

"சித்தப்பா, இன்னிக்கு அப்பாவைப் பத்தி ஏதாவது சொல்லுவீங்க இல்ல? இந்த ஒரு வார்த்தைதான் கேக்கிறேன். நாளைக்கு அவர் இடம் காலியாத்தான் இருக்கும். இன்னிக்காவது அவர் நம்மகூட இருக்கணும்."

"அதெல்லாம் சொல்லிடலாம்டா. நீ உன் டையைச் சரி பண்ணு."

வீட்டுக்கு வந்தால், அண்ணி மார்லிஸ் சமையலறையில் செர்ரிப் பழம் அடைத்துச் சுட்ட பலகாரத்தை வெட்டும் கத்தியோடு காத்திருந்தாள்.

"ஆர்வின், அவர் பேச்சை இன்னிக்கு எடுக்காதே. பேரைக்கூடச் சொல்லாதே."

"அண்ணி, பையன் ஆசைப்படறான்."

"அவங்க கல்யாணத்துக்கு வந்திருக்காங்க. இழவுக்கு வரலை. எனக்காகச் செய்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு பலகாரத்தை வெட்டத் தொடங்கினாள். அழுதுவிடுவோம் என்று பயப்படுகிறாள் என ஆர்வின் நினைத்தான். சரி என்று தலையசைத்தான். பையனுக்கு ஒரு வாக்கு, அம்மாவுக்கு ஒரு வாக்கு; இரண்டில் ஒன்று இந்த ராத்திரி உடையத்தான் போகிறது.

வெளியே வந்து உட்காரும்போதும் ஒன்றைக் கவனித்தான். விருந்து வைப்பவள் எல்லோரையும் பார்க்கும்படி உட்காருவதுதான் வழக்கம். மார்லிஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, நெருப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

மீன் முள்ளெல்லாம் தட்டின் ஓரத்துக்குப் போன பிறகு, செர்ரிப் பலகாரம் வருவதற்கு முன்னால், தோர்வால்ட் எல்லோருக்கும் செர்ரி ஒயின் ஊற்றினான். ஆர்வின் குடிப்பதை விட்டவன். அவனுக்குச் செர்ரிச் சாறு. ஏரிக்கரையில் யாரும் வாழ்த்துக்குத் தண்ணீரைத் தூக்குவதில்லை. தண்ணீரை உயர்த்தினால் மூழ்கினவர்களை விருந்துக்கு அழைத்த மாதிரி என்பார்கள்.

கரண்டியால் கோப்பையைத் தட்டினான் ஆர்வின். பேச்சு அடங்கியது. பெண் வீட்டார் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றான், வரவேற்பு அவர்களுக்குத்தானே.

"ரேமண்ட், கார்லீன், நீங்க ரெண்டு பேரும் காலையில மாடு கறந்துட்டு, கார்ல ஏறி வந்திருக்கீங்க. சாயங்காலக் கறவைக்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சியிருப்பீங்க. அந்தக் கஷ்டத்துக்கு எங்க வீட்டுல உப்புத்தண்ணியில வேகவெச்ச மீன் ஈடாகாது. இருந்தாலும் உங்க தட்டு காலியா இருக்கு, பாத்தேன். டோலரஸ் அத்தை, உங்க தட்டு ரெண்டு தடவை காலி ஆச்சு. அதையும் பாத்தேன்."

"எண்ணிக்கிட்டே இருந்தியா?" என்றாள் டோலரஸ்.

"ஜோசி முதல் தடவை இங்க வந்தப்போ அவளுக்கு மீனே பிடிக்காதுன்னு எங்களுக்குத் தெரியாது. மூணு துண்டு வெச்சோம். முழுங்கிட்டுச் சிரிச்சா. அப்பவே எங்க பையன்கிட்ட சொன்னேன், இந்தப் பொண்ணை விட்டுடாதேடா, உனக்காக இப்பவே பொய் சொல்றா."

மணப்பெண் ஜோசி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவள் அப்பா ரேமண்ட் சிரிப்பில் குலுங்கி, கைக்கு எட்டிய கோப்பையைத் தூக்கி, "இது எங்க பொண்ணுக்கு," என்று ஒரு வாய் குடித்தார்.

அது தண்ணீர்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார்கள். தோர்வால்ட் தன் கோப்பையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தான். இருதய மாத்திரை சாப்பிடுகிற மனிதர், பால்பண்ணைக்காரர். அவருக்கு என்ன தெரியும்? விருந்தாளியை மேசையில் வைத்துத் திருத்த முடியாது. ஆர்வின் பார்க்காதவன் போல மேலே போனான். ஏரிப் பக்கமிருந்து ஒரு குளிர்ந்த காற்று வந்து காகிதக் கைத்துண்டுகளைக் கீழே தள்ளியது.

தன் பக்கத்து ஆட்களை அறிமுகம் செய்தான். மீனைக் குழையவிடாத தோர்வால்ட். ஊர்க்கதையெல்லாம் தெரிந்த இங்கா சித்தி. "இந்த வீட்டை ஒத்தையா தூக்கி நிறுத்தின எங்க அண்ணி மார்லிஸ்." அதற்கடுத்து வரவேண்டிய பெயர் தொண்டை வரை வந்தது. ஆண்டர்ஸ் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். ஆர்வின் அந்தப் பெயரை விழுங்கிவிட்டு, கதைக்குத் தாவினான்.

"இப்போ மாப்பிள்ளை. எங்க ஆண்டர்ஸுக்கு அஞ்சு வயசு இருக்கும்போது, இதோ இந்தப் படகுத்துறை நுனியில நின்னு, ஒரு மீன் அவனைப் பாத்து முறைக்குதுன்னு சொல்லி, குனிஞ்சு அதை முறைச்சான். மீன் ஜெயிச்சுது. தலைகீழா விழுந்தான். பூட்ஸோட, கோட்டோட."

சிரிப்பு எழுந்தது. ஆர்வின் அதை நெடுநாளாகச் சொல்லிவருகிறான். அடுத்த வரி, 'அவங்க அப்பா யோசிக்கவே இல்லை, தூண்டிலைப் போட்டுட்டுக் குதிச்சான்' என்று வாயில் தயாராக இருந்தது. அந்த வரியின் முன்னால் அவன் நின்றுவிட்டான். இவனைப் பற்றி எந்தக் கதையை எடுத்தாலும் நடுவில் அந்த மனிதன்தான் நிற்கிறான். அவனை எடுத்துவிட்டால் பையன் இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறான்.

"அப்புறம்?" என்றாள் டோலரஸ். "யார் தூக்கினா குழந்தையை?"

ஆண்டர்ஸ் அவனையே பார்த்தான். மார்லிஸும் பார்த்தாள்.

"நான்தான்," என்றான் ஆர்வின். "நான்தான் குதிச்சுத் தூக்கினேன்."

பெண் வீட்டார் கைதட்டினார்கள். ஆண்டர்ஸ் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். ஆர்வின் அவன் பக்கம் பார்க்காமல் மிச்சத்தை அவசரமாக முடித்தான். "ஜோசி, இனிமே இவன் விழுந்தா தூக்கற வேலை உன்னோடது. உங்க எல்லாருக்கும் இந்த வீட்டுக் கதவுக்குப் பூட்டு கிடையாது. இது எங்க சம்பந்தி வீட்டுக்கு, டெல்வோ குடும்பத்துக்கு."

கோப்பைகள் உயர்ந்தன. வழக்கப்படி, வாழ்த்தப்பட்ட பெண் வீட்டார் மட்டும் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ரேமண்டின் பார்வை ஆர்வின் மேல் இல்லை. அவன் தோளைத் தாண்டி, கொப்பரைப் பக்கம் இருந்தது. நட்பாக ஒருமுறை தலையசைத்தார்.

ஆர்வின் திரும்பவில்லை. தோர்வால்ட் மேசையில்தான் இருந்தான். எல்லோருமே மேசையில்தான் இருந்தார்கள்.

பெண்ணின் தகப்பனார் பதில் சொல்லும் முறை. ரேமண்ட் மெதுவாக எழுந்தார். பெரிய கைகள், வெயிலில் வெந்த கழுத்து. பேசிப் பழகாத மனிதர்.

"எனக்கு சம்பந்தி மாதிரி பேச வராது. மாடுகிட்டப் பேசினா அது திருப்பிப் பேசாது, அதனால பழக்கமில்லை." சிரிப்பு. "பொண்ணு இவ்வளவு தூரம் வரப்போறாளேன்னு ராத்திரியெல்லாம் தூங்கலை. இன்னிக்கு ஒத்தர் ஒத்தராப் பேர் சொல்லி அறிமுகம் செஞ்சீங்க. அப்பத்தான் மனசு அடங்குச்சு. ஆர்வின், ஒரு குறை மட்டும் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒருத்தரை விட்டுட்டீங்க."

மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தக் கொப்பரைகிட்ட நிக்கிறாரே, மஞ்சள் மழைக்கோட்டு. பாவம், தொப்பலா நனைஞ்சிருக்கார். வந்து உக்காருங்கன்னு தலையாட்டினேன், வரலை. நீங்க பேசறப்போ உங்களுக்கு முன்னாடியே சிரிக்கிறார், எல்லாக் கதையும் தெரிஞ்சவர் மாதிரி. ஆனா 'நான்தான் தூக்கினேன்'னு சொன்னீங்க பாருங்க, அப்போ தொப்பியைக் கழட்டித் தொடையில ரெண்டு தட்டுத் தட்டி, இல்லை இல்லைன்னு தலையாட்டினார்." ரேமண்ட் தன் தண்ணீர்க் கோப்பையை மீண்டும் கையில் எடுத்தார். "அவர் யாருன்னு சொன்னா, அவருக்கும் சேத்து வாழ்த்திடுவேன்."

பெண் வீட்டார் அந்தப் பக்கம் பார்த்தார்கள். கொப்பரை மட்டும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நெருப்பு அடங்கியிருந்தது. அதனருகே காய்ந்த மண்ணில் ஓர் இடம் மட்டும் கறுப்பாக நனைந்திருந்தது.

ஆண்டர்ஸ் எழுந்து நின்றான். ஆர்வின் இந்த முறை வாக்கையெல்லாம் விட்டுவிட்டு, "அது நெல்ஸ். என் அண்ணன்," என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் மார்லிஸைப் பார்த்தான்.

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. சாயங்காலம் முழுவதும் நெருப்புக்கு முதுகைக் காட்டியிருந்தவள், நாற்காலியை மெல்லத் திருப்பிப் போட்டு, ரேமண்டை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ உங்க கண்ணுக்கும் தெரியறாரா? இத்தனை நாளா நான் மட்டும்தான் பாத்துட்டு இருக்கேன்னு நினைச்சேன்."