இரட்டைக் கரண்டி

மாலை ஏழு மணிக்கு மணி அடித்தால் நுழைவுத்தேர்வுப் பயிற்சி மைய விடுதியின் நாற்பத்திரண்டு பெண்களும் சாப்பாட்டுக்கூடத்தில் வரிசையாக நிற்க வேண்டும். மேசைமேல் பழுப்பு நிற டானிக் ஜாடி. பக்கத்தில் மையத்தின் இயக்குநர், கையில் கரண்டி. ஒவ்வொருத்தியும் வாயைத் திறந்து, விழுங்கி, உடனே உரத்த குரலில் தன் இலக்கைச் சொல்லியாக வேண்டும். “முதல் நூறு இடத்துக்குள் நான்!” என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். டானிக்கை வாயில் அடக்கிக்கொண்டு அப்படிக் கத்த முடியாது. அதற்காகவே இந்த ஏற்பாடு. அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

“ஞாபகசக்திக்குப் பிரமி. நான் சும்மா சொல்லல. எல்லாம் மூலிகை, ஒண்ணும் பண்ணாது” என்பார்.

வரிசையின் கடைசியில் நிற்பவளுக்கு வகுப்பில் ‘தூங்குமூஞ்சி’ என்று பெயர். சேர்ந்த புதிதில் அப்படி இல்லை. டானிக் ஆரம்பித்து ஒரு வாரத்துக்கெல்லாம் மதிய வகுப்பில் கண் சொருக ஆரம்பித்தது. பலகையில் இருக்கும் சமன்பாடு தண்ணீரில் மிதப்பதுபோல் ஆடும். இயக்குநர் பார்த்துவிட்டார்.

“கவனம் பத்தல. இவளுக்கு இரட்டைக் கரண்டி.”

அன்றிலிருந்து இரண்டு. தூக்கம் இன்னும் கூடியது.

டானிக்தான் தூங்கவைக்கிறது என்று அவள் நினைக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை குற்றவாளி வேறு. வைட்டமின் டப்பாவில் ஒளித்து வைத்திருந்த வலிப்பு மாத்திரை. பெயர் ஃபெனிடாயின், இரவில் மூன்று. அதைத் தொடங்கிய காலத்தில் மயக்கமாக இருந்தது அவளுக்கு நினைவிருந்தது. டானிக்கை மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், சேர்க்கைப் படிவத்தில் ‘நோய் ஏதும் உண்டா?’ என்ற கேள்விக்கு அப்பா தன் கைப்பட எழுதிய ‘இல்லை’ பொய்யாகிவிடும். ‘உண்டு’ என்று எழுதிய ஒருத்தியை முதல் நாளே திருப்பி அனுப்பியதை அவள் கண்ணாரப் பார்த்திருந்தாள். எனவே அவளால் குறைக்க முடிந்ததைக் குறைத்தாள். மூன்று மாத்திரை இரண்டானது.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் வெளியே போக அனுமதி உண்டு. அந்த நேரத்தில் மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்கார அக்கா சீட்டை வாங்கி, கணினியில் எதையோ தட்டி, நிமிர்ந்தாள்.

“தொண்ணூறு மாத்திரை வாங்கிட்டுப் போனே. தினம் மூணு. முப்பது நாள். நீ வந்திருக்கறது நாப்பதாவது நாள். மிச்சம் பத்து நாள் எதைச் சாப்பிட்டே, காத்தையா?”

அவள் கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள்.

“குறைச்சிட்டியா?”

“தூக்கமா வருதுக்கா. பாடமே ஏறல.”

“வேற ஏதாவது சாப்பிடறியா? சளி மருந்து, தூக்க மாத்திரை?”

“இல்லக்கா. ஹாஸ்டல்ல டானிக் மட்டும். எல்லாருக்கும் குடுக்கறாங்க. மூலிகைதான்.”

அக்கா அதன் பெயரைக் கேட்டு, உள்ளே போய் அதே டானிக் பாட்டிலோடு வந்தாள். பின்பக்கம் எறும்பு அளவில் இருந்த எழுத்தை விரலால் தடவித் தடவிப் படித்தாள். “நீர்ப்பிரமி. வல்லாரை. சங்குபுஷ்பி. சடாமாஞ்சில். எத்தனை கரண்டி?”

“ரெண்டு. பெரிய கரண்டி. வகுப்புல தூங்கறேன்னு கூட்டிட்டாங்க.”

“சரியாப் போச்சு. இதுல பாதிச் சரக்கு மனசை அமைதிப்படுத்தத்தான் குடுக்கறது. சிலருக்குத் தூக்கம் வரும். உன் மாத்திரையும் கொஞ்சம் மந்தம் பண்ணும். ரெண்டும் சேர்ந்தா கேக்கவே வேணாம். தூங்கறேன்னு டானிக்கைக் கூட்டறாங்க, டானிக்கால தூங்கறே.”

“அப்ப மாத்திரையைக் குறைச்சது…”

“அதுதான் பயமா இருக்கு.” குரலைத் தாழ்த்தினாள். “சங்குபுஷ்பி சிரப் சாப்பிட்டப்ப ரத்தத்துல உன் மாத்திரையோட அளவு இறங்கி, நின்னிருந்த வலிப்பு திரும்ப வந்ததா எழுதி வச்சிருக்காங்க. எலிகிட்டயும் பார்த்திருக்காங்க, ஓரிரு நோயாளிகிட்டயும் பார்த்திருக்காங்க. பெரிய ஆராய்ச்சி இல்ல. ஆனா உன் விஷயத்துல பந்தயம் கட்டிப் பார்க்க முடியுமா? அது ஒரு பக்கம் இறக்குது, நீ ஒரு பக்கம் இறக்கறே. கை கால் ஏதாவது துடிச்சுதா?”

முந்தாநாள் மாதிரித் தேர்வில் இடது கை விரல்கள் தாமாகவே இழுத்துக்கொண்டு அளவுகோல் கீழே விழுந்ததை அவள் அசதி என்று நினைத்திருந்தாள். இப்போது அதை அக்காவிடம் சொன்னாள்.

அக்கா போனை எடுத்து அவளுடைய மருத்துவரை அழைத்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள். “இன்னிக்கே மூணு மாத்திரைக்குத் திரும்பு. டானிக் ஒரு சொட்டும் வேணாம். நாளைக்கு ரத்தப் பரிசோதனை, அப்புறம் மறுபடி ஒண்ணு. டானிக்கை நிறுத்தினா அளவு ஏறவும் செய்யும், அதையும் பார்க்கணுமாம்.”

“ஞாபகசக்திக்காவது அது உதவுமாக்கா?”

“பிரமியா? பெரியவங்ககிட்ட சின்னச் சின்னதா சோதிச்சிருக்காங்க. மூணு மாசம் தினமும் சாப்பிட்டதுல சிலதுல கொஞ்சம் முன்னேற்றம், சிலதுல ஒண்ணுமில்ல. உன் பரிட்சைக்கு எத்தனை நாள்?”

“நாப்பத்தோரு நாள்.”

“அப்ப அது வேலை செஞ்சாலும், பரிட்சை முடிஞ்சு வீட்டுல உக்காந்திருக்கறப்ப எல்லாம் ஞாபகம் வரும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது. கடையின் போனிலேயே அப்பாவைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கெஞ்சினார்.

“சொல்லிடாதம்மா. அனுப்பிடுவாங்க. ஒரு வருஷ உழைப்பு. நாப்பது நாள்தானே, வாயில வச்சிருந்து துப்பிடு.”

“துப்ப முடியாதுப்பா. கத்தச் சொல்றாங்க.”

“எப்படியாவது சமாளி, கண்ணு.”

அன்று மாலை வரிசை வழக்கத்தைவிட வேகமாக நகர்ந்தது. முன்னால் நின்ற அறைத்தோழி, ஓயாமல் பேசுவதால் ‘ரேடியோ’ என்று பெயர் வாங்கியவள், திரும்பிப் பார்த்தாள்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?”

“ஒண்ணுமில்ல.”

ரேடியோ விழுங்கினாள், கத்தினாள், நகர்ந்தாள். அடுத்து கரண்டி இவள் உதட்டுக்கு முன்னால் வந்து நின்றது. விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. வாய் வலிக்கிறது, வாந்தி வருகிறது என்று தயார் செய்திருந்த பொய்கள் எல்லாம் நாளை ஏழு மணிவரைதான் செல்லும். நாளை மறுநாளும் ஏழு மணி வரும். அப்படி நாற்பத்தோரு ஏழு மணிகள்.

“வாயைத் திற.”

“வேணாம் சார்.”

“ஏன்? படிக்க இஷ்டமில்லையா?”

கூடத்தில் தட்டுச் சத்தம் நின்றது. கரண்டி அசையவில்லை.

“எனக்கு வலிப்பு நோய் இருக்கு சார். அதுக்கு மாத்திரை சாப்பிடறேன். இது அதோட சேரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க.”

இயக்குநர் கரண்டியை ஜாடிக்குள் போட்டார். அவளை அலுவலக அறைக்குக் கூட்டிப்போய், படிவத்தைத் தேடி எடுத்து, அந்த ‘இல்லை’மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். “இது யார் எழுத்து?”

“அப்பாவோடது.”

“பொய் சொல்லிச் சேர்ந்திருக்கே. ராத்திரி ஏதாவது ஆனா நான்தானே பதில் சொல்லணும்? நாளைக்கு உங்கப்பாவும் டாக்டர் லெட்டரும் வரட்டும். அதுவரைக்கும் வகுப்பு கிடையாது.”

“லெட்டர் வந்தா இருக்கலாமா சார்?”

“வரட்டும்” என்றார் மறுபடியும். படிவத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

அவள் படுக்கையைத் தரைத்தளத்தில், வார்டன் அறைக்கு அடுத்த சின்ன அறைக்கு மாற்றினார்கள். உட்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே சுவர். மாடியில் பெண்கள் ஒப்பிக்கும் குரல் கூரை வழியாக இறங்கியது. அவள் மூன்று மாத்திரைகளை எண்ணி, தண்ணீரோடு விழுங்கினாள்.

வார்டன் அம்மா கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு நோட்டு. முகத்தில் கோபமில்லை, பயம்தான் இருந்தது.

“ஏம்மா, அது வந்தா நான் என்ன செய்யணும்? வாயில ஏதாவது வைக்கணுமாமே?”

“ஒண்ணும் வைக்கக் கூடாதும்மா. பிடிச்சு அமுக்கவும் கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். தலைக்கு அடியில மெத்துன்னு ஏதாவது. மணி பார்க்கணும், அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ்.”

“இரு இரு, மெதுவாச் சொல்லு” என்று வார்டன் அம்மா பேனாவின் மூடியைக் கழற்றினாள். “ஒருக்களிச்சு. அப்புறம்?”