எத்தனை வாளி தண்ணீர்

பெயிண்ட் கடைக்காரன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். என் மகன் பிரகாஷுக்கு அது புரியவில்லை.

"மொதல்ல நம்பிக்கை, அப்புறம்தான் வியாபாரம்" என்று சொல்லிப் போனில் வீடியோ போட ஆரம்பித்தான். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் சொன்னான். பூச்சு காயாமல் பெயிண்ட் அடிக்காதே. ஓதம் ஏறின சுவரில் பட்டி வைக்காதே, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார். எங்கள் கடையில் வாங்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

"ஊருக்கு வித்தைய சொல்லிக்குடுத்துட்டு நீ என்னத்தடா விப்ப?" என்றேன். சிரித்தான்.

சனம் வந்தது. வேங்கிக்காலில் வீடு கட்டுகிறவர்களெல்லாம் கடை தேடி வந்தார்கள்.

அப்புறம் தண்ணீர் வீடியோ போட்டான். ஒரே சுவரில் பாதிக்கு டப்பாவில் எழுதியிருக்கிற அளவு தண்ணீர் கலந்து அடித்தான். மீதிப் பாதிக்கு இஷ்டத்துக்கு ஊற்றி அடித்தான். நன்றாகக் காய்ந்த பிறகு ஈரத்துணியால் துடைத்தான். ஒரு பக்கம் நிறம் நின்றது. இன்னொரு பக்கம் துணியோடு வந்தது. "கலக்கும்போது பக்கத்துல நில்லுங்க" என்று முடித்தான்.

பெயிண்டர் பலராமன் ஆளோடு வந்தான்.

"இன்னா பிரகாசு, எங்கள திருடன்னு சொல்லிட்டியா? வூட்டுக்காரன் சேர் போட்டு குந்திக்கினு பக்கெட்ட எட்டிப் பாக்கறான்."

"யாரு பேரும் சொல்லலையேண்ணா."

"எல்லாரையும் சொல்லிட்ட. செங்கம் ரோட்டுல வேற கடை இருக்குது."

அந்த மாசம் ஒரு பெயிண்டரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. வீட்டுக்காரன் சந்தேகம் கேட்டுவிட்டுப் போவான். வாளி வாளியாக வாங்குகிறவன் பெயிண்டர்தான். ஒரு மத்தியானம் பிரகாஷ் போனை எடுத்து அந்த வீடியோவை அழித்தான். பலராமன் திரும்பி வந்தான்.

அதற்கு மறுவாரம் ஜியாவுல்லா பாய் வந்தார். மகள் கல்யாணத்துக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்.

"அந்த தண்ணி வீடியோ காணோமே தம்பி? பெயிண்டும் அவனே வாங்கறாப்ல பலராமன்கிட்ட சாமானோட சேத்து காண்ட்ராக்ட் வுட்டுட்டேன். அவனுக்கு காட்டணும்."

"அது எதுக்கு பாய்? அண்ணன் நல்லா அடிப்பாரு."

"நீதானே சொன்ன, பக்கத்துல நில்லுன்னு."

"அது சும்மா, பொதுவா சொன்னது."

பாய் அவன் முகத்தையே பார்த்தார். "சரி, என் வூட்டுக்கு எத்தன வாளி ஆவும்? அதையாவது சொல்லு."

பிரகாஷ் சுவர்க் கணக்குக் கேட்டு, "ரெண்டு கோட்டுக்கு நாலு" என்றான். அதிலாவது பொய் இல்லை. பாய் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பாமலே இறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் பலராமன் வண்டியை நிறுத்தினான்.

"பாய் வூட்டு வேலை. ரெண்டு வாளி குடு."

"ரெண்டா?"

"ஏன், பத்தாதுன்னு வீடியோ போடப் போறியா?"

பிரகாஷ் உள்ளே போய் இரண்டு வாளியைத் தூக்கி வந்து வண்டியில் வைத்தான். கயிறு கட்டவும் கூட நின்றான்.